எகிறி அடித்த பலகை: ஒரு பட்டறை விபத்தும் காப்பீட்டுக்கு எழுத வேண்டிய விவரமும்

மேசை ரம்பத்தில் அறுபடும் பலகை திடீரென்று எகிறி, அறுப்பவரை நோக்கிப் பாய்வதைக் கிக்பேக் என்பார்கள். தச்சுப் பட்டறைகளில் 'கட்டை எத்திடுச்சு', 'தூக்கி அடிச்சிடுச்சு' என்று சொல்வது இதைத்தான். பாய்ந்து வரும் பலகை வயிற்றிலோ முகத்திலோ மோதுவது ஒரு வகைக் காயம். பலகையின் மேல் இருந்த கை அதனோடு சேர்ந்து பிளேடுக்குள் இழுபடுவது இன்னொரு வகை. இரண்டும் ஒரே நொடியில் ஒரே ஆளுக்கு நேரலாம்.

அதற்குப் பிறகு பட்டறை உரிமையாளர் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டியிருக்கிறது. அதில் 'விபத்து நேர்ந்த விதம்' என்ற கட்டத்தில் வழக்கமாக விழுவது ஒரே வரிதான்: 'மரம் அறுக்கும்போது கவனக்குறைவால் கை மெஷினில் பட்டுவிட்டது.' எழுதுவதற்குச் சுலபமான வரி இது. ஆனால் கிக்பேக் விபத்தைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் தவறான வரி. கை தானாகப் பிளேடுக்குப் போகவில்லை; பலகை அதைக் கொண்டுபோனது. பலகை ஏன் நகர்ந்தது என்பதைச் சொல்லாத அறிக்கை விபத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாத அறிக்கை. அதோடு, பிற்பாடு பணம் கிடைக்கும் நேரத்தில் 'கவனக்குறைவு' என்ற சொல் தொழிலாளிக்கு எதிராகவும் நிற்கக்கூடும்.

பலகை எகிறுவதற்கான காரணம் பிளேடு சுழலும் திசையில் இருக்கிறது. மேசை ரம்பத்தில் அறுப்பவர் நிற்கும் பக்கத்துப் பற்கள் மேலிருந்து கீழே இறங்குகின்றன. அவை மரத்தை மேசையோடு அழுத்தி வெட்டுவதால் அங்கே ஆபத்து குறைவு. பிளேடின் பின்பக்கத்துப் பற்களோ கீழிருந்து மேலே ஏறி, உச்சியில் அறுப்பவரை நோக்கித் திரும்பி வருகின்றன. பலகை இந்தப் பின்பற்களைத் தொடாதவரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். தொட்டுவிட்டால் பற்கள் அதைத் தூக்கிப் பிளேடின் உச்சி வழியாக ஆளின் மேல் எறிந்துவிடும். 12 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 2,880 சுற்று சுழன்றால் பல்லின் வேகம் நொடிக்கு 45 மீட்டர், அதாவது மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேல். ஏதோ தவறு என்று மூளை உணர்ந்து கையை இழுக்க நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது ஆகும். அதற்குள் பல் 9 மீட்டர் ஓடியிருக்கும். சுதாரித்திருக்கலாம், கையை எடுத்திருக்கலாம் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

பலகை பின்பற்களைத் தொடும் வழிகள் சிலதான். அறுத்த பிளவு மூடிக்கொண்டு பிளேடைக் கவ்விப் பிடிப்பது ஒன்று. பலகைக்கு வழிகாட்டும் கைடு பட்டை பின்பக்கம் பிளேடை நோக்கிச் சாய்ந்திருந்து, போகப் போகப் பலகையை நெருக்குவது இன்னொன்று. பலகை கைடை விட்டு விலகி, அதன் பின்மூலை பிளேடில் திரும்பி மாட்டுவது மூன்றாவது. நீளம் குறைந்து அகலம் கூடிய துண்டுகளில் இது சகஜம். மழுங்கிய பிளேடு, கணு உள்ள மரம், கைடே இல்லாமல் வெறுங்கையால் அறுப்பது ஆகியவை இவற்றுக்குத் துணை போகின்றன.

இவற்றில் பிளவு மூடிக்கொள்வதுதான் நம் ஊர்ப் பட்டறைகளில் கவனிக்க வேண்டியது, ஏனென்றால் அதற்குக் காரணம் மரத்துக்குள்ளேயே இருக்கிறது. சரியாகக் காயாத மரத்தில் மேல்தோல் உலர்ந்து சுருங்கியிருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். வளைந்து வளர்ந்த மரத்திலும் கிளை பிரியும் இடத்துக் கட்டையிலும் இழைகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். முழுப் பலகையாக இருக்கும்வரை இந்த இழுவிசைகள் சமநிலையில் இருப்பதால் வெளியே தெரியாது. நடுவே ஒரு கோடு அறுத்ததும் சமநிலை கெட்டு, இரு பாதிகளும் ஒன்றையொன்று நோக்கி வளைகின்றன, அல்லது விலகுகின்றன. விலகினால் பிரச்சினை இல்லை. நெருங்கினால் பிளேடின் பின்பாதி நடுவில் சிக்கிக்கொள்கிறது.

இதைத் தடுக்க ஒரு சின்ன இரும்புத் தகடு போதும். ரிவிங் நைஃப் என்று அதற்குப் பெயர். பிளவுக் கத்தி எனலாம். பிளேடுக்கு நேர் பின்னால், பற்களிலிருந்து 3 முதல் 8 மில்லிமீட்டர் தள்ளி, பிளேடின் வளைவை ஒட்டி அது நிற்கும். பற்கள் ஏற்படுத்தும் பிளவைவிடச் சற்று மெல்லியதாகவும், பிளேடின் உடல் தகட்டைவிடச் சற்றுத் தடிமனாகவும் இருக்கும். பிளவு மூட முயன்றால் இந்தத் தகட்டை அழுத்துமே தவிர, பற்களைத் தொடாது. பலகை பக்கவாட்டில் திரும்பிப் பின்பற்களில் மாட்டுவதையும் இதே தகடு பெரும்பாலும் தடுக்கிறது. நிறுவனங்கள் தயாரித்து விற்கும் தரமான ரம்பங்களில் இது சேர்ந்தே வருகிறது. ஆங்கிள் சட்டத்தில் இரும்புத் தகடு வைத்து, மோட்டாரும் பெல்ட்டும் பூட்டி, உள்ளூர் வெல்டிங் கடையில் செய்து வாங்கும் மேசைகளில் பெரும்பாலும் இருக்காது. விரல் பட்ட கணத்தில் மின்தொடுகையை உணர்ந்து பிளேடை நிறுத்தும் ரம்பங்களும் வெளிநாடுகளில் உண்டு. அவை விரலைக் காப்பாற்றும், எகிறி வரும் பலகையைத் தடுக்காது.

இனி ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். விவரங்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. ஆனால் இப்படித்தான் நடக்கிறது. தென் மாவட்டம் ஒன்றில் ஆறு பேர் வேலை செய்யும் நாற்காலி, கட்டில் பட்டறை. வெல்டிங் கடையில் செய்த ரம்ப மேசை, 12 அங்குல பிளேடு. 40 வயதுத் தச்சர் கட்டிலுக்காக வேப்பம்பலகையிலிருந்து 2 அங்குல ரீப்பர்கள் அறுத்துக்கொண்டிருந்தார். பலகை 4 அடி நீளம், 8 அங்குல அகலம், ஒரு அங்குலக் கனம். மூன்றடி அறுத்ததும் பலகை நகர மறுத்தது. மோட்டார் சத்தம் இறங்கியது. வலது கையால் பலகையின் முனையைத் தள்ளிக்கொண்டே, இடது கையைப் பிளேடுக்கு அப்பால் நீட்டி, அறுபட்ட பகுதியைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். அந்தக் கணத்தில் பலகை எகிறியது. அதன் முனை அவருடைய வலது அடிவயிற்றில் இடித்தது. பலகையைப் பற்றியிருந்த இடது கை அதனோடு முன்னோக்கி வந்து பிளேடின் உச்சியில் விழுந்தது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் முதல் கணு போய்விட்டது.

வேலை செய்யும் எந்தத் தச்சரும் இதில் ஒரு பழக்கத்தை அடையாளம் கண்டுகொள்வார். பலகை தடுமாறும்போது அப்பால் கை நீட்டி இழுப்பது வேலையை முடிக்கும் அவசரத்தில் இயல்பாக வருவது. ஆனால் பிளேடுக்கு அப்பால் உள்ள கை, பலகை எகிறும் பாதையில் பிளேடுக்குப் பின்னால் நிற்கும் கை. பலகை திரும்பி வந்தால் பிளேடைக் கடந்துதான் அந்தக் கை வர முடியும். மோட்டார் சத்தம் இறங்கினால் செய்ய வேண்டியது தள்ளுவதை நிறுத்திப் பலகையை அழுத்திப் பிடித்தபடி மெஷினை அணைப்பது. பிளேடு நின்ற பிறகு பிளவில் ஒரு மர ஆப்பைச் செருகிவிட்டு மீண்டும் தொடங்கலாம்.

முதல் அரை மணி நேரம் மருத்துவத்துக்கு உரியது. காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி, கையை இதயத்துக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும். துண்டான விரலை நேராகப் பனிக்கட்டியில் போடுவது பரவலான தவறு. சதை உறைந்து கெட்டுவிடும். உப்புக் கரைசலில் நனைத்த துணியில் சுற்றி, நீர் புகாத பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த தண்ணீரில் வைக்க வேண்டும். கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு கொண்ட சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை போன்ற இடங்களில் துண்டான விரலைச் சேர்ப்பது புதிதல்ல. ஆனால் ரம்பத்தால் போன விரலில் ஒரு கூடுதல் சங்கடம் இருக்கிறது. கத்தி வெட்டினால் கோடு விழும். ரம்பமோ தன் பல்லின் அகலத்துக்கு, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், எலும்பையும் சதையையும் தூளாக்கிவிடும். நுனிக்கணுவில் சேர்ப்பதற்கு அவ்வளவாக எதுவும் மிஞ்சுவதில்லை.

மருத்துவமனையில் சொல்லப்படும் முதல் வார்த்தைகள் பிறகு காப்பீட்டுக் கோப்பில் வந்து நிற்கும். அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவதன் நகலை ஏ.ஆர். காப்பி என்பார்கள். அதில் 'வேலை செய்யும் இடத்தில், மர அறுவை மெஷினில், இத்தனை மணிக்கு' என்று இருக்க வேண்டும். இன்னொன்றும் இருக்க வேண்டும்: வயிற்றில் பட்ட அடி. விரலில் ரத்தம் கொட்டும்போது வயிற்று வலியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, அடிபட்டவரே சொல்வதில்லை. பலகை குத்திய வேகத்தில் குடலோ கல்லீரலோ காயப்பட்டிருந்தால் அறிகுறி சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். முதல் பதிவில் வயிற்றடி இல்லையென்றால் மருத்துவரும் தேடமாட்டார். பின்னால் அதற்கான செலவைக் கேட்டால் காப்பீட்டு நிறுவனமும் நம்பாது.

பட்டறையில் இதற்குள் யாராவது ஒருவர் ரத்தத்தைக் கழுவி, மரத்தூளைப் பெருக்கி, பலகையை விறகோடு சேர்த்திருப்பார். மனிதர்கள் செய்யக்கூடிய காரியம்தான், ஆனால் இதனால் போகும் சான்று திரும்பக் கிடைக்காது. கிக்பேக்குக்கு வேறு எந்தச் சாட்சியைவிடவும் பலகைதான் நம்பகமான சாட்சி. ஆகவே உரிமையாளர் செய்ய வேண்டிய முதல் வேலை, மெஷின் மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, கைடை நகர்த்தாமல், பிளேடின் உயரத்தை மாற்றாமல், எதையும் பெருக்காமல் படம் எடுப்பது. பலகை போய் விழுந்த இடத்தையும் மேசையிலிருந்து அதன் தூரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு பலகையைத் தேதி எழுதிக் கட்டி, பூட்டி வைக்க வேண்டும்.

நமது நிகழ்வில் பலகையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில், அறுத்த பிளவின் அருகிலிருந்து புறப்பட்டு வளைந்து செல்லும் ஒரு தழும்பு இருக்கும். ஓடும் பிளேடின் மேல் பலகை ஏறிப் போனதற்கு அது கையொப்பம். ஒழுங்காக அறுபடும் மரத்தில் அப்படி ஒரு வளைகோடு விழவே விழாது. அடுத்துப் பார்க்க வேண்டியது பிளவு. பிளேடு நின்ற இடத்தில் அதன் அகலம் 3 மில்லிமீட்டர். பலகையின் திறந்த முனையில் ஒரு மில்லிமீட்டர்தான். மெஷினை விட்டு எடுத்த பிறகும் அது விரியவில்லை. அதாவது மரம் தானாக மூடிக்கொண்டிருக்கிறது. பிளவின் இரு சுவர்களிலும் கடைசி அரை அடியில் மட்டும் கருகல் தெரிகிறது. மழுங்கிய பிளேடாக இருந்திருந்தால் தொடக்கத்திலிருந்தே கருகியிருக்கும்.

கைடைச் சந்தேகிக்க வேண்டுமா என்று அளந்து பார்த்துவிடலாம். பிளேடின் முன்பல்லிலிருந்து கைடுக்கும், பின்பல்லிலிருந்து கைடுக்கும் உள்ள தூரம் சமமாக இருக்க வேண்டும்; பின்பக்கம் மயிரிழை கூடுதலாக இருந்தாலும் நல்லது. பின்பக்கம் குறைந்திருந்தால் நெருக்கியது கைடு, மரமல்ல. அப்போது மெஷினை விட்டு எடுத்த பலகையில் பிளவு நேராக, ஒரே அகலமாக இருக்கும். இங்கே இரு தூரமும் சமம், பிளவு மூடியிருக்கிறது. ஆக, காயாத மரம் மூடிப் பிடித்தது, தடுக்கப் பிளவுக் கத்தி இல்லை. விபத்தின் காரணம் இந்த இரண்டு துண்டு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது.

எழுதும்போது உரிமையாளர் மனதில் வைக்க வேண்டிய எல்லை ஒன்று உண்டு. அவர் பெரும்பாலும் நேரில் பார்த்திருக்கமாட்டார். பார்த்தது எது, கேட்டது எது, அளந்தது எது என்று பிரித்து எழுதினால் நிறுவனம் அனுப்பும் விசாரணை அலுவலர் ஒவ்வொன்றையும் தனித்தனியே சரிபார்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் பார்த்தது போலவே எழுதினால், ஒன்றில் பிசகினாலும் மொத்தமும் சந்தேகத்துக்கு உள்ளாகும். நமது நிகழ்வுக்கு அந்தக் கட்டத்தில் எழுதக்கூடியது இப்படி இருக்கலாம்:

'காலை சுமார் 11.20 மணிக்கு, கட்டில் வேலைக்காக 4 அடி வேப்பம்பலகையை 2 அங்குல ரீப்பராக மேசை ரம்பத்தில் தச்சர் அறுத்துக்கொண்டிருந்தார். இது அவருடைய வழக்கமான வேலை. நான் முன்அறையில் இருந்ததால் நேரில் பார்க்கவில்லை. சத்தம் கேட்டு வந்தேன். எதிர் மேசையில் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த உதவியாள் பார்த்ததாகச் சொல்வது: மெஷின் சத்தம் குறைந்தது, பலகை மேலே எழும்பித் தச்சரின் வயிற்றில் இடித்தது, அதே நேரத்தில் அவருடைய இடது கை பிளேடில் பட்டது. தச்சர் சொல்வது: பலகை நின்றதால் இடது கையை அப்பால் நீட்டிப் பிடித்தார். பலகை மேசையிலிருந்து 9 அடி தூரத்தில் கிடந்தது. அதன் அடியில் வளைந்த ரம்பத் தழும்பு உள்ளது. பிளவு திறந்த முனையில் ஒரு மில்லிமீட்டராகச் சுருங்கியுள்ளது. கைடு பிளேடுக்கு இணையாக இருந்தது. இந்த மெஷினில் மூடியோ பிளவுக் கத்தியோ வாங்கியபோதும் இல்லை, இப்போதும் இல்லை. பலகையும் படங்களும் என்னிடம் உள்ளன.'

கடைசிக்கு முந்தைய வாக்கியத்தை எழுதத்தான் கை வராது. மெஷினுக்குப் பாதுகாப்பு மூடி இருந்ததா என்று படிவம் நேரடியாகவே கேட்கலாம். 'இருந்தது, ஆள் கழற்றிவிட்டார்' என்று எழுதிவிட்டால் தன் தலை தப்பும் என்று சில உரிமையாளர்கள் நினைக்கிறார்கள். அந்தப் பொய் என்ன செய்யும் என்பதைச் சட்டத்தைப் பார்த்தால் புரியும்.

தொழிலாளர் இழப்பீட்டை நெடுங்காலமாக ஆண்டுவந்தது 1923-ம் ஆண்டுச் சட்டம். அதன் விதிகள் பிறகு 2020-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் பெரும்பாலும் அதே வடிவில் சேர்ந்தன. வேலையின்போது, வேலையின் காரணமாகக் காயம் பட்டால் இழப்பீடு உண்டு. யார் தவறு என்ற கேள்வி இல்லை. தொழிலாளி கவனக்குறைவாக இருந்தார் என்பது மட்டும் அவருடைய உரிமையைப் பறிக்காது. பறிக்கக்கூடியவை மூன்று. அவர் குடிபோதையிலோ மருந்து மயக்கத்திலோ இருந்தது. பாதுகாப்புக்காக வெளிப்படையாகச் சொல்லப்பட்ட உத்தரவை வேண்டுமென்றே மீறியது. பாதுகாப்புக்கென்று தரப்பட்ட கருவியை, அது எதற்கென்று தெரிந்தும், வேண்டுமென்றே கழற்றியது அல்லது புறக்கணித்தது. இவையும்கூட, மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்துவிட்டால் செல்லாது.

ஆக, 'ஆள் கழற்றிவிட்டார்' என்ற பொய் விரல் போன தச்சரின் இழப்பீட்டை நேரடியாகத் தாக்குகிறது. மேசையைச் செய்த வெல்டிங் கடைக்காரரும் அதில் வேலை செய்த மற்றவர்களும் உண்மையைச் சொன்னால் உரிமையாளரின் பாலிசியும் ஆட்டம் காணும். காப்பீட்டில் தெரிந்தே தரும் பொய்த் தகவல் மன்னிக்கப்படுவதில்லை. கொடுக்கப்படாத மூடியை யாரும் கழற்ற முடியாது என்பதால், 'மூடி இல்லை' என்ற உண்மை தச்சரைக் காப்பாற்றுகிறது. நியாயமான முன்னெச்சரிக்கை எடுத்திருக்க வேண்டும் என்ற பாலிசி நிபந்தனையைச் சுட்டி உரிமையாளரைக் கேள்வி கேட்கலாம். அதற்குப் பதில் சொல்வது பொய்யைக் காப்பாற்றுவதைவிட எளிது.

பணக் கணக்கு பலரும் நினைப்பதுபோல் மருத்துவமனைச் செலவோடு முடிவதில்லை. 1923 சட்டப்படி அதைப் போட்டுப் பார்க்கலாம். தச்சருக்கு நாள் கூலி 900 ரூபாய், மாதம் 26 நாள் என்றால் 23,400 ரூபாய். ஆனால் 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட உச்சவரம்பின்படி கணக்கில் எடுக்கும் மாத ஊதியம் 15,000 ரூபாயைத் தாண்டாது. அதில் 60 சதவீதம் 9,000. வயதுக்கேற்ற ஒரு பெருக்கெண் அட்டவணையில் இருக்கிறது. 40 வயதுக்கு 184.17. பெருக்கினால் 16,57,530 ரூபாய் வருகிறது. இது நிரந்தர முழு ஊனத்துக்கானது. விரல்களுக்கு அதில் ஒரு பங்கு கிடைக்கும். ஆள்காட்டி விரலில் ஒரு கணு போனால் 9 சதவீதம், நடுவிரலில் ஒரு கணு போனால் 7 சதவீதம் என்று சட்டமே வகுத்திருக்கிறது. ஒரே விபத்தில் போனவற்றைக் கூட்டிக்கொள்ளலாம் என்பதால் 16 சதவீதம், அதாவது 2,65,205 ரூபாய்.

வேலைக்கு வர முடியாத காலத்துக்கு அரைமாதத்துக்கு ஒருமுறை மாத ஊதியத்தில் கால்பங்கு, இங்கே 3,750 ரூபாய், தர வேண்டும். இறுதித் தொகை கொடுக்கும்போது இதைக் கழித்துக்கொள்ள இடமுண்டு. சிகிச்சைக்கு உண்மையில் ஆன செலவைத் திருப்பித் தருவது 2009-ல் வந்த திருத்தத்தால் கட்டாயமாயிற்று. ஆகவே மருந்துக்கடை ரசீதுவரை சேர்த்து வைக்க வேண்டும். பாலிசி மருத்துவச் செலவை முழுதாக ஏற்கிறதா, வரம்பு வைத்திருக்கிறதா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். வரம்புக்கு மேலுள்ளது உரிமையாளரின் பையிலிருந்து போகும்.

சதவீத அட்டவணை இருப்பதால் எல்லாமே அதன்படி முடிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. ஒடிசாவின் ஜெய்ப்பூரில் ஒரு திரையரங்கில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் 1968-ல் கீழே விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேல் இழந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் அதை முழு ஊனமாகக் கொண்டது சரியே என்று நீதிமன்றம் ஏற்றது. 1976-ம் ஆண்டு சட்டத் தொகுதிகளில் வெளியான அந்தத் தீர்ப்பு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. எனவே உரிமையாளர் தன் விவரத்தில் 'தச்சர்' என்பதோடு நிற்காமல், அவர் செய்துவந்த வேலை எத்தகையது என்பதையும் எழுத வேண்டும். உளி பிடிப்பது, இழைப்பது, கூட்டுப் பொருத்துவது, கடைசல் எல்லாம் இடது கை விரல்களின் பிடியை நம்பியவை. அந்தக் கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் குட்டையாவது ஒரு தச்சருக்கும் கணக்குப்பிள்ளைக்கும் ஒரே இழப்பல்ல.

காப்பீட்டு நிறுவனத்தின் விசாரணை அலுவலர் வரும்போது முதலில் கேட்பது வருகைப் பதிவேடும் கூலிப் பதிவேடும்தான். பாலிசிக்குப் பிரீமியம் கணக்கிடுவது எத்தனை பேர், என்ன வேலை, ஆண்டுக்கு எவ்வளவு கூலி என்று உரிமையாளர் அறிவித்ததை வைத்து. ஆறு பேரை வைத்துக்கொண்டு நான்கு பேர் என்று எழுதிப் பிரீமியத்தில் சில ஆயிரம் மிச்சம் பிடித்திருந்தால் இப்போது அது வெளியே வரும். விபத்துக்கு உள்ளானவர் அந்த நால்வரில் ஒருவர்தானா என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. பத்துப் பேருக்கு மேல் உள்ள பட்டறை என்றால் இன்னொரு விஷயம்: அது பெரும்பாலும் இ.எஸ்.ஐ. திட்டத்துக்குள் வந்துவிடும். அப்போது இழப்பீட்டுக்கான வழியே வேறு, இ.எஸ்.ஐ. வரம்புக்குள் இருக்கும் தொழிலாளி இந்தச் சட்டத்தின் கீழ் உரிமையாளரிடம் கேட்க முடியாது.

காப்பீட்டு நிறுவனத்துக்கு விபத்தன்றோ மறுநாளோ எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். விரல் தேறுமா, ஊனம் எவ்வளவு என்பது தெரியட்டும் என்று காத்திருப்பது கூடாது. ஊனச் சான்றிதழ் பின்னால் வரும். முதல் தகவல் தாமதமாகப் போனால் தாமதத்துக்குத் தனியாக விளக்கம் எழுத வேண்டியிருக்கும். தொழிலாளியோடு பட்டறையிலேயே பேசி, ஒரு தொகையைக் கொடுத்து வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்குவதும் பயன்படாது. சட்டப்படி அத்தகைய உடன்பாடு இழப்பீட்டு ஆணையரிடம் பதிவானால்தான் செல்லும். தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பைப் பார்ப்பவர் தொழிலாளர் துறை அதிகாரி.

பணம் எப்போது வருகிறது என்பது உரிமையாளருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையிலான விஷயம். தொழிலாளிக்கு எதிரே நிற்பவர் உரிமையாளர்தான். இழப்பீடு கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் தரப்படாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி சேரும். தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லையென்று ஆணையர் கருதினால், இழப்பீட்டில் பாதிவரை தண்டமும் விதிக்கலாம். அந்தத் தண்டத்தைக் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக ஏற்பதில்லை. உரிமையாளர்தான் கட்ட வேண்டும்.